சடங்குக்கு வரும் மாமாவுக்கு எழுதும்போது செய்யக்கூடாதவை

கனடாவுக்குப் போய் 17 வருடங்களுக்குப் பிறகு மாமா கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்கு ஊர் வருகிறார் என்று தெரிந்த இரவு, அவருக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதித் தரும்படி அம்மா கேட்டார். நான் எழுதிக் காட்டியதில் மூன்று இடங்களை அம்மா அடித்தார். அந்த மூன்றும் எங்கள் மட்டக்களப்பு எழுவான்கரை வீடுகளில் பலரும் செய்யும் தவறுகள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

முதல் வரியே பிழை. "அன்புள்ள மாமா, எங்கள் வீட்டுக்கு உங்களை வரவேற்கிறோம்" என்று எழுதியிருந்தேன். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போவான். மாமா பிறந்து வளர்ந்த அந்த வீடு இன்றைக்கு அம்மாவின் பெயரில் இருக்கிறது. மாமா இதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. ஆனாலும் 17 வருடம் கழித்து வருகிறவரிடம் "எங்கள் வீடு" என்றால், அந்த வீட்டுக்கு அவரை வெளியாளாக்கிவிடுகிறோம். தமிழில் "நாங்கள்" என்ற சொல் கேட்பவரை வெளியே நிறுத்தும், "நாம்" உள்ளே சேர்த்துக்கொள்ளும். எங்கள் பேச்சில் "நம்மட வீடு" என்று சாதாரணமாகச் சொல்லும் நாம், எழுத உட்கார்ந்தவுடன் மரியாதைக்காக "எங்கள்" என்று மாற்றிவிடுகிறோம். அம்மா சொன்னது: "'வீட்டுக்கு வா' என்று மட்டும் எழுது, போதும்."

மரியாதைப் பன்மையிலும் அதே சிக்கல்தான். அம்மாவின் பெயரில் போகும் செய்தியில் நான் "நீங்கள்" என்று எழுதியிருந்தேன். அக்கா தம்பியை "நீங்கள்" என்றால் அவர் முதலில் நினைப்பது, அக்காவுக்குக் கோபம் என்றுதான். அவர் எனக்குத்தான் மாமா, அம்மாவுக்குத் தம்பி. முதல் அழைப்பு அந்த வீட்டுக்குரிய பெண்ணிடமிருந்து, அவர் வாயில் வரும் சொல்லிலேயே போகவேண்டும். மருமக்கள் பிறகு தனித்தனியே எழுதிக்கொள்ளலாம். குடும்பக் குழுவில் எல்லோரும் பார்க்கப் போடுவதையும் தவிர்ப்பது நல்லது. அங்கே "எங்கள் வீட்டில்தான் தங்கவேண்டும்" என்று மூன்று பேர் எழுதிவிட்டால், வருகிறவர் விமானம் ஏறும் முன்பே யாரையோ மனம் நோகவைக்க வேண்டியதாகிவிடும்.

இரண்டாவது, நாள். இதில் தவறினால் திருத்த முடியாது. கண்ணகி அம்மன் கோயில்கள் எங்கள் பக்கம் வருடத்தில் வைகாசியில்தான் சடங்குக்குக் கதவு திறக்கும். கதவு திறத்தலில் தொடங்கி, கண்ணகி கதையைச் சொல்லும் காவியம் படித்து, கல்யாணக்கால் நட்டு, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு முடியும். இடையில் வரும் ஒவ்வொரு நாள் சடங்கும் தாய்வழியாக வரும் ஒவ்வொரு குடிக்கு உரியது. ஆனால் பேச்சில் எல்லோரும் மொத்தத் திருவிழாவையும் "குளிர்த்தி" என்றே சொல்கிறோம். அப்படித்தான் சில வருடங்களுக்கு முன் சுவிஸில் இருந்து வந்த என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், "குளிர்த்திக்கு வந்துவிடு" என்ற செய்தியை நம்பிக் குளிர்த்தி நாளுக்கே டிக்கெட் எடுத்தார். எங்கள் குடிச் சடங்கு இரண்டு நாள் முந்தி முடிந்துவிட்டது. குளிர்த்தியைப் பார்த்தார், தீர்த்தமும் வாங்கினார். படையல் பொருள்கள் வைத்த அவர் குடும்பத்து மடைப்பெட்டி கோயிலுக்குப் போன அன்று அவர் இன்னும் சுவிஸில்தான் இருந்தார். ஆகவே திருவிழாவின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். குடிச் சடங்கு எந்த இரவு, குளிர்த்தி எந்த இரவு என்று இரண்டையும் கிழமையோடும் திகதியோடும் எழுதுங்கள். குளிர்த்தி நாள் கோயிலுக்குக் கோயில் வேறுபடும். பக்கத்து ஊர்த் திகதியைப் பார்த்து எழுதாமல் சொந்தக் கோயிலில் கேட்டு எழுதவேண்டும்.

விமானம் வந்து இறங்கும் நேரத்திலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. மாமா வியாழன் இரவு டொரொண்டோவில் ஏறிச் சனி அதிகாலை 2 மணிக்குக் கட்டுநாயக்காவில் இறங்குகிறார். "சனிக்கிழமை கூப்பிட வருகிறோம்" என்று எழுதினால், இங்கே வான் பிடிப்பவர் சனி விடியப் புறப்படுவார். பொலன்னறுவை, ஹபரணை வழியாக ஆறேழு மணித்தியாலம் ஓட்டம். வெள்ளி பிற்பகலே வான் ஊரை விட்டிருக்கவேண்டும். அதனால் நாங்கள் எழுதியது: "வெள்ளி இரவு தாண்டி, சனி அதிகாலை 2 மணி, இலங்கை நேரம்." மே மாதத்தில் டொரொண்டோ நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னே நிற்பதால் "இலங்கை நேரம்" என்ற சொல்லை விடக்கூடாது.

மூன்றாவது, இழவுச் செய்தி. அம்மம்மா இறந்தபோது மாமாவால் வர முடியவில்லை. நான் உருக்கமாக இருக்கும் என்று நினைத்து, "அம்மம்மா கடைசிவரை உங்களைத்தான் கேட்டார்" என்று எழுதியிருந்தேன். அம்மா அந்த வரியை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதை அவன் என் முன்னால் இருக்கும்போது நான் சொல்கிறேன்" என்றார். தனி அறையில், வேலை முடிந்து வந்து தொலைபேசியைத் திறக்கிறவருக்கு அப்படி ஒரு வரியை அனுப்புவது கொடுமை. அம்மம்மாவைச் சொல்லாமல் விடுவதும் சரியில்லை, பெயரையே மறைத்ததுபோல் ஆகிவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அண்மையில் நடந்த சாவை "வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்று மறைப்பது. எங்கள் அயலில் அப்படி ஒருவர் வந்தார். 20 நாளுக்கு முன் அவருடைய சித்தப்பா இறந்ததை வீட்டார் சொல்லவில்லை. அவர் நேர்கடனுக்கு வெள்ளிக் கண்மலர் செய்வித்துக் கொண்டுவந்திருந்தார். சாவுத் தீட்டான துடக்கு 31 நாள், கோயிலுக்குள் போக முடியாது. உடுக்குச் சத்தம் கேட்கும் தூரத்தில் வீதியோரம் நின்றுவிட்டுத் திரும்பினார். நெருங்கிய உறவில் துடக்கு இருந்தால், டிக்கெட் எடுக்கும் முன்பே அழைத்துப் பேசிச் சொல்லவேண்டும்.

சிறிய பிழைகளும் சில உண்டு. எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்பது, கொண்டுவர வேண்டிய பொருள்களைக் கேட்பது, "இப்போதாவது நினைவு வந்ததே" என்று குத்துவது. இன்னொன்று, நண்டுக் கறியும் இறால் பொரியலும் காத்திருக்கின்றன என்று ஆசை காட்டுவது. சடங்கு நாட்களில் வீட்டில் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. தயிரைச் சொல்லுங்கள், நண்டைச் சடங்கு முடிந்த பிறகு சொல்லுங்கள்.

கடைசியில் போன செய்தி, திகதிகள் நீங்கலாக, இது:

"தம்பி, வீட்டுக்கு வா. வெள்ளி இரவு தாண்டி, சனி அதிகாலை 2 மணிக்கு, இலங்கை நேரம், மருமகன் வானோடு வெளியே நிற்பான். சனி இரவு நமது குடிச் சடங்கு, திங்கள் இரவு குளிர்த்தி. மடைப்பெட்டியை நீதான் தூக்கவேண்டும், வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவின் படம் நடு அறையில் இருக்கிறது. நீ வந்து விளக்கேற்று. பத்திரமாக வா. அக்கா."

பத்து நிமிடத்தில் மாமாவின் பதில் வந்தது. ஒரே ஒரு கேள்வி: "இப்போது கோயிலில் காவியம் படிப்பது யார்?"