பக்கத்து வீட்டுச் சத்தம்: கோர்ட்டுக்குப் போகும் முன்பே கேஸைக் கெடுக்கும் தவறுகள்

சத்தத்தால் தூக்கம் கெட்டு வக்கீலிடம் போகிறவர் முதலில் சொல்வது, "தாங்க முடியலை சார்" என்பதுதான். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் தொல்லைச் சட்டம் வேறொன்றைக் கேட்கிறது: அதே வீட்டில் ஒரு சராசரி மனிதர் குடியிருந்தால், இந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொள் என்று அவரிடம் சொல்வது நியாயமா? எவ்வளவு சத்தம் என்பது இதில் ஒரு பங்குதான். எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, வாரத்தில் எத்தனை நாள், என்ன நோக்கத்தோடு எழுப்பப்படுகிறது, அந்தப் பகுதி எப்படிப்பட்டது என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நீதிபதி பார்ப்பார். ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் வந்த நாடுகளில் அடிப்படை இதுதான். புகாரை எங்கே கொடுப்பது, இரவு நேரக் கட்டுப்பாடு என்ன என்பவை இடத்துக்கு இடம் மாறும். அவற்றை உங்கள் பகுதியில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தவறுகளில் மிக மோசமானது பதிலுக்குச் சத்தம் போடுவது. சுவரைத் தட்டுவது, ஸ்பீக்கரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது, விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிப்பது என்று பலரும் செய்கிறார்கள். 1893-இல் லண்டனில் தீர்ப்பான கிறிஸ்டி எதிர் டேவி வழக்கைப் படித்தால் யாரும் அதைச் செய்யத் துணியமாட்டார்கள். ஒட்டிய சுவர் கொண்ட இரண்டு வீடுகள். ஒரு வீட்டில் இசை ஆசிரியை. பாடமும் பயிற்சியுமாக அங்கே வாத்தியச் சத்தம் ஓயாது. பக்கத்து வீட்டுக்காரர் டேவிக்குப் பொறுக்கவில்லை. முதலில் ஒரு கடிதம் எழுதினார். அப்புறம் இசை கேட்கும்போதெல்லாம் சுவரைத் தட்டினார், தட்டுகளை அடித்தார், விசிலடித்தார், கூச்சலிட்டார். வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது தடையாணை விழுந்தது டேவியின் மேல். இசைப் பாடம் ஒரு வீட்டில் நியாயமாக நடக்கக்கூடிய காரியம். டேவியின் சத்தமோ தொந்தரவு செய்யவே எழுப்பியது. அந்த நோக்கம்தான் தீர்ப்பைத் தீர்மானித்தது. தொல்லைக்கு ஆளானவர் என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்தவர் தொல்லை கொடுத்தவராகிப்போனார். ஒரே ஒரு இரவு கோபத்தில் சுவரை இடித்தால்கூட எதிர்த்தரப்பு அதைக் குறித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்த தவறு, சாதாரணமாகப் புழங்கும் சத்தத்தையும் தொல்லை என்று எடுத்துக்கொண்டு போவது. காலடிச் சத்தம், குழந்தை அழுகை, குழாய்த் தண்ணீர், கழிப்பறைச் சத்தம் எல்லாம் மெல்லிய சுவர் வழியாக அப்படியே கேட்கும். 1999-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபை, லண்டன் அடுக்குமாடிவாசிகளின் இப்படிப்பட்ட வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர்கள் பட்ட அவதியை நீதிபதிகள் மறுக்கவில்லை. அக்கம்பக்கத்தார் வழக்கமான முறையில் வாழ்வதால் வரும் சத்தம் சட்டப்படி தொல்லை ஆகாது, குறை கட்டடத்தில் இருக்கிறது என்றார்கள். உங்கள் பிரச்சினை இந்த ரகம் என்றால் கோர்ட் செலவை அதில் போடாதீர்கள். மேல்வீட்டில் தடித்த விரிப்பு, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி, வீட்டு உரிமையாளரிடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ ஒலித்தடுப்பு பற்றிப் பேசுவது ஆகியவையே பலன் தரும்.

இப்போது தொல்லையாக நிற்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்வீட்டில் ஒருவர் அதிகாலையில் இரும்பு எடைகளைத் தூக்கித் தரையில் போடுகிறார். உடற்பயிற்சி செய்ய அவருக்கு உரிமை உண்டு. அந்த நேரத்தில், தினமும், வெறும் தரையில் போடுவதுதான் வம்பு. இங்கே பலரும் செய்யும் தவறு, போனில் டெசிபல் செயலியை வைத்து எண்ணைப் படம்பிடிப்பதோடு நிறுத்திக்கொள்வது. போன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. அதை யாரும் அளவுத்திருத்தம் செய்வதில்லை. போதாததற்கு, வழக்கமாகப் பயன்படும் அளவுமுறை தாழ்ந்த அதிர்வுச் சத்தத்துக்குக் குறைந்த மதிப்புதான் கொடுக்கும். அதனால் கட்டிலை அதிரவைக்கும் 'தொம்' என்ற அடி, அளவில் சாதாரணமாகத் தெரியலாம். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வியிலேயே அந்தப் படம் அடிபட்டுப்போகும்.

கோர்ட்டில் எடுபடுவது நாட்குறிப்புதான். "தினமும் பயங்கர சத்தம்" என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: "செவ்வாய், அதிகாலை 5.10 முதல் 5.45 வரை. கனமான பொருள் தரையில் விழும் சத்தம், ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒன்று. படுக்கையறை, ஜன்னல் மூடியிருந்தது. நானும் மகளும் விழித்துவிட்டோம். புதன்: சத்தம் இல்லை." அந்தப் புதன்கிழமை வரியை விட்டுவிடாதீர்கள். சத்தமில்லாத நாளையும் எழுதுகிற ஆளைத்தான் நீதிபதி நம்புவார். நடந்த அன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும், அது பார்த்தாலே தெரிந்துவிடும். உங்கள் அறையில் கேட்பதை ஒலிப்பதிவு செய்து துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் வீட்டுக் கதவருகே கருவி வைப்பதோ, உள்ளே பேசுவதைப் பதிவதோ வேண்டாம்; அது உங்கள் மேல் வேறொரு புகாரைக் கொண்டுவரும். வேறொரு வீட்டுக்காரர் தனியாகத் தன் குறிப்பை எழுதினால் அதன் மதிப்பே தனி. நீங்கள் எழுதியதில் கையெழுத்து வாங்கினால் அந்த மதிப்பு வராது.

நேரில் பேசாமல் நேரடியாக வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதும் அவசரம்தான். எடையைப் போடுகிறவருக்குக் கீழே எப்படிக் கேட்கிறது என்பதே தெரியாமல் இருக்கலாம். சத்தம் கேட்கும் நேரத்தில் கதவைத் தட்டாமல், பகலில் போய்ச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நாள் கீழே வந்து கேட்கச் சொல்லுங்கள். மாறவில்லையா, ஒரு சிறிய கடிதம்: என்ன சத்தம், எந்தெந்தத் தேதிகளில், என்ன மாற்றம் வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். திட்டும் மிரட்டலும் வேண்டாம். ஒருநாள் அதை நீதிபதி படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். அவர் வாடகைக்கு இருந்தால் உரிமையாளருக்கும் தெரியப்படுத்துங்கள். அடுத்த படி சமரச மையம் அல்லது உள்ளூர் அதிகாரியிடம் புகார். பல இடங்களில் இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு வந்தவரிடம் "ஏன் முயலவில்லை" என்று கோர்ட் கேட்கும். வழக்குச் செலவை யார் தருவது என்ற உத்தரவிலும் அது பிரதிபலிக்கலாம்.

"நான் உனக்கு முன்னாலேயே இங்கே இருக்கிறேன்" என்று அவர் சொன்னால் பின்வாங்கிவிடாதீர்கள். 1879-இன் ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் வழக்கில், மிட்டாய் செய்பவர் 20 ஆண்டுகளுக்கு மேலாக உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து டாக்டர் பின்னால்தான் தோட்டத்து ஓரத்தில் ஆலோசனை அறை கட்டினார். ஜெயித்தது டாக்டர்.

கடைசியாக, என்ன கேட்பது என்பதிலும் பிசகு நடக்கிறது. "சத்தமே கூடாது" என்று கேட்டால் சமரசமும் நடக்காது, கோர்ட்டும் யோசிக்கும். 1980-இல் கென்னவே எதிர் தாம்சன் வழக்கில், ஏரியில் நடந்த மோட்டார் படகுப் பந்தயத்தைக் கோர்ட் முழுதாக நிறுத்தவில்லை. பந்தய நாட்களின் எண்ணிக்கையைக் குறைத்தது, மற்ற நேரங்களில் 75 டெசிபலைத் தாண்டும் படகுகள் கூடாது என்றது. மேல்வீட்டுக்காரரிடமும் அப்படி எண்ணிச் சொல்லக்கூடியதைக் கேளுங்கள்: காலை 7 மணிக்கு முன் எடை வேண்டாம், கீழே தடித்த ரப்பர் பாய் போட வேண்டும், பயிற்சி உங்கள் படுக்கையறைக்கு மேலே இல்லாத அறைக்கு மாற வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால் இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒப்புக்கொண்ட பிறகு மீறினால் "எனக்குத் தெரியாது" என்று அவரால் சொல்ல முடியாது. மீறிய தேதிகளை அதே நாட்குறிப்பில் தொடர்ந்து எழுதி, வக்கீலிடம் போகும்போது இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள்.