மலையில் ஓடும் பழைய கார்: தேர்ட் பார்ட்டி போதுமா, ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டுமா?

கோத்தகிரியில் இருக்கும் என் மச்சான் போன மாதம் மேட்டுப்பாளையத்தில் ஒரு 2014 மாடல் வேகன் ஆர் வாங்கினான். விலை ஒரு லட்சத்து எழுபதாயிரம். அடுத்த நாளே போன். "அண்ணே, பத்து வருஷத்துக்கு மேல ஓடுன வண்டி, இதுக்கு எதுக்கு ஃபுல் இன்சூரன்ஸ்? தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுரட்டுமா?" அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கீழே வரும் பிரீமியமும் பில் தொகைகளும் கணக்கு புரிவதற்கான உதாரணங்கள். உங்கள் கொட்டேஷனில் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை மாறாது.

படி 1: வண்டியோடு வந்த பாலிசியை முதலில் பாருங்கள்

விற்றவர் "இன்சூரன்ஸ் இன்னும் ஆறு மாசம் இருக்கு" என்று சொல்லியிருப்பார். அதில் தேர்ட் பார்ட்டி பகுதி மட்டும்தான் தானாக உங்களுக்கு வரும். உங்கள் வண்டிக்கான சேதத்தைப் பார்க்கும் ஓன் டேமேஜ் பகுதி அப்படி வராது. கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பெயரை மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டி, இருபதாம் நாள் பர்லியாறு வளைவில் பாறையில் உரசினால், பாலிசி கையில் இருந்தும் உங்கள் வண்டிக்குப் பணம் வராது.

இன்னொன்று, நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்காக ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. அது ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு இல்லை. விற்றவருக்கு 50 சதவீதம் இருந்திருந்தாலும் உங்களுக்குப் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். அதனால் அவருடைய பழைய பிரீமியத்தை வைத்து உங்கள் செலவைக் கணக்குப் போடாதீர்கள்.

படி 2: தேர்ட் பார்ட்டி எதைப் பார்க்காது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தேர்ட் பார்ட்டி பிரீமியம் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான். 1000 சிசிக்கு உட்பட்ட தனியார் காருக்கு 2022இல் நிர்ணயித்தது ரூ.2,094, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து சுமார் ரூ.2,471. நீங்கள் யார் மீதாவது மோதி உயிரோ உடலோ சேதமானால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. அடுத்தவர் சொத்துக்கு ஏழரை லட்சம் வரை. டீக்கடைச் சுவரையோ எஸ்டேட் கேட்டையோ இடித்துவிட்டால் அந்தக் கணக்கில் வரும். உங்கள் வண்டிக்கு ஒரு பைசா கிடையாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பலருக்குத் தெரியாத விஷயம் வேறு. தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள தனியார் காரில் உங்களோடு இலவசமாக வரும் மனைவி, அம்மா, நண்பர் யாரும் "மூன்றாம் நபர்" ஆக மாட்டார்கள் என்றே நீதிமன்றங்கள் சொல்லி வந்திருக்கின்றன. ஓட்டும் உரிமையாளருக்குக் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் தனியாக உண்டு. பின் சீட்டில் இருப்பவர்களுக்கு அது போகாது. ஃபுல் இன்சூரன்ஸ் எனப்படும் பேக்கேஜ் பாலிசியில் பயணிகளுக்கான பொறுப்பும் அடங்கும். குன்னூர் மலைப்பாதையில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இறங்குகிறவருக்கு, பழைய வண்டியின் மதிப்பைவிட இதுதான் பெரிய காரணம் என்பேன். என்ன ஆனாலும் தேர்ட் பார்ட்டிதான் என்று முடிவு செய்தால், பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டையாவது சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். தலைக்கு இரண்டு லட்சம் வரை கிடைக்கும். அதற்கான செலவு சில நூறு ரூபாய்தான்.

படி 3: மதிப்பை நீங்கள் சொல்லுங்கள்

வண்டியின் காப்பீட்டு மதிப்பை ஐ.டி.வி. என்பார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் ஆன வண்டிக்கு நிலையான தேய்மான அட்டவணை கிடையாது. நீங்களும் கம்பெனியும் ஒத்துக்கொண்டதுதான் மதிப்பு. பிரீமியம் குறைகிறதே என்று ஆன்லைனில் அந்தக் கட்டத்தை ஒரு லட்சத்துக்கு இழுத்துவிடாதீர்கள். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பு என்று ஆகும். ஒரு லட்சம் போட்டிருந்தால் எழுபத்தைந்தாயிரத்தைத் தாண்டும் பில்லிலேயே வண்டி போய்விடும். கைக்கு வருவது அந்த ஒரு லட்சத்தை ஒட்டித்தான். அதை வைத்து மேட்டுப்பாளையத்தில் அதே வண்டியைத் திரும்ப வாங்க முடியாது. மச்சான் வண்டிக்கு 1.6 லட்சம் போட்டோம்.

படி 4: ஒரு விபத்தை நினைத்துக் கணக்குப் போடுங்கள்

ஓன் டேமேஜ் பகுதிக்கு அவனுக்கு வந்த கொட்டேஷன் ரூ.4,000. ஜிஎஸ்டி சேர்த்து ரூ.4,720. தேர்ட் பார்ட்டிக்கும் ஃபுல்லுக்கும் இடையே வருடத்துக்கு இவ்வளவுதான் வித்தியாசம். இதற்கு என்ன திரும்ப வரும்?

மழை நாளில் எதிரே பஸ் வர, ஓரம் கட்டப்போய் முன் சக்கரம் ஓடையில் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வொர்க்ஷாப் பில் ஜிஎஸ்டி இல்லாமல் நாற்பதாயிரம். பானெட், ஃபெண்டர் என்று இரும்புப் பாகம் 14,000. பம்பர், ஹெட்லைட் என்று பிளாஸ்டிக் 9,000. முன்கண்ணாடி 5,000. பெயின்ட் பொருள் 4,000. கூலி 8,000.

பத்து வருடத்தைத் தாண்டிய வண்டிக்கு இரும்புப் பாகத்தில் பாதிதான் தருவார்கள். பிளாஸ்டிக்குக்கு எந்த வயதிலும் பாதி. பெயின்ட் பொருளுக்கும் பாதி. கண்ணாடிக்குப் பிடித்தம் இல்லை. கூலியும் முழுசாக வரும். ஆக 7,000 + 4,500 + 5,000 + 2,000 + 8,000 = 26,500. அதில் 1500 சிசி வரையுள்ள காருக்கான கட்டாயப் பிடித்தம் ரூ.1,000 போக, கையில் 25,500. மீதி 14,500 உங்கள் பாக்கெட்டிலிருந்து.

4,720 கட்டி 25,500 வாங்குவதென்றால், ஏறத்தாழ ஐந்தரை வருடத்துக்கு ஒரு தடவை இப்படி ஓடையில் இறங்கினால்தான் போட்டது திரும்பும். கேட்டதும் மச்சான், "அப்போ வேண்டாம்தானே?" என்றான். சமவெளியில், வாரம் ஒரு முறை கடைவீதிக்கு எடுத்து ஷெட்டில் நிறுத்துகிறவனாக இருந்தால் நானும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். இரவில் அவன் வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்தால் பேச்சு மாறும். மேலே மண்மேடு, பக்கத்தில் இரண்டு கற்பூர மரம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய நீலகிரி மாவட்டம் இது. மண்சரிவும் பாறை சரிவதும் புயலும் ஃபுல் பாலிசியின் பட்டியலிலேயே இருக்கின்றன. மரம் விழுவதும், ராத்திரியில் காட்டெருமை வந்து கதவை நசுக்குவதும் வெளியிலிருந்து வரும் விபத்து என்ற கணக்கில் சேரும். ஒரு மரம் விழுந்தால் ஒன்றரை லட்சமும் போகும். தேர்ட் பார்ட்டியில் ஒன்றுமே வராது. அந்த ஒன்றரை லட்சத்தைக் கடன் வாங்காமல் திரும்பப் புரட்ட முடியுமா என்று மட்டும் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றாலோ, வண்டியின் மதிப்பே அறுபது எழுபதாயிரம்தான் என்றாலோ, தேர்ட் பார்ட்டி போதும்.

படி 5: ஆட்-ஆன்கள்

முதலில், எந்தப் பாலிசியும் பார்க்காத செலவுகள். மலையில் முதல் கியரிலேயே ஏற்றி ஏற்றிக் கிளட்ச் கருகுவதும், இறக்கத்தில் பிரேக் பேட் தேய்வதும் தேய்மானம். ஃபுல் போட்டிருந்தாலும் கேட்டுப் பயனில்லை.

ஜீரோ டெப் என்பது மேலே சொன்ன பாதிப் பிடித்தத்தை நீக்குவது. அந்த உதாரணத்தில் அது கூடுதலாகத் தருவது 13,500. அதற்கு 1,900 கேட்டால், ஏழு வருடத்துக்கு ஒரு முறை அப்படி ஒரு விபத்து நடந்தால்தான் சமம். அதனால் புது ஓட்டுநர், குறுகலான எஸ்டேட் ரோடு என்றால் போடலாம், மற்றவர்கள் விட்டுவிடலாம். ஆனால் பல கம்பெனிகள் ஐந்து வருடத்துக்கு மேல் இதைத் தருவதில்லை. சில ஏழு, பத்து வரை போகும். மச்சானுக்கு யாருமே தரவில்லை, பேச்சு அங்கேயே முடிந்தது.

எஞ்சின் பாதுகாப்பை வெள்ளத்துக்கானது என்று நினைத்து மலைக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள். உண்மையில் நம் பக்கம் அதன் வேலை வேறு. எஸ்டேட் மண்பாதையில் துருத்திய கல் ஆயில் சேம்பரில் அடிக்கிறது. சேம்பர் மாற்றும் செலவு விபத்துக் கணக்கில் வரும். ஆனால் ஆயில் ஒழுகியது தெரியாமல் இன்னும் நான்கு கிலோமீட்டர் ஓட்டி எஞ்சின் சீஸ் ஆனால், அது பின்விளைவு என்று சொல்லிச் சாதாரணப் பாலிசி கைவிரிக்கும். அந்த ஆட்-ஆன் இருந்தால் அதற்கும் கேட்க முடியும். உங்கள் வண்டிக்குக் கிடைத்தால், பாதை அப்படிப்பட்டதாக இருந்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு பழக்கம் போதும்: அடியில் "டங்" என்று சத்தம் கேட்டால் பத்தடி தள்ளி நிறுத்தி, வந்த வழியில் கருப்புக் கோடு விழுந்திருக்கிறதா பாருங்கள். ஆயில் கேன் போல இருக்கும் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணையுங்கள். மேட்டில் நின்றுவிட்டோமே என்று அடுத்த வளைவு வரை போகாதீர்கள்.

ரோடு சைடு அசிஸ்டன்ஸ் ஒன்றைத்தான் பழைய வண்டிக்கு நான் யோசிக்காமல் போடச் சொல்வேன். விபத்துக்குப் பின் வண்டியை வொர்க்ஷாப் கொண்டுபோக ஃபுல் பாலிசியில் ஏற்கனவே 1,500 ரூபாய் வரை உண்டு. ஆனால் வண்டி சும்மா நின்றுபோனால் அது உதவாது. மலைப்பாதையில் பழைய வண்டிக்கு நடப்பது பெரும்பாலும் அதுதான். வாங்கும் முன் இழுத்துச் செல்லும் தூரம் எத்தனை கிலோமீட்டர் இலவசம் என்று கேளுங்கள். ஐம்பது இருந்தால் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குத் தாராளம்.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், போனஸ் பாதுகாப்பு இரண்டும் உங்களுக்கு இல்லை. முதலாவது, வண்டி முழு இழப்பானால் புதிதாக வாங்கிய இன்வாய்ஸ் விலையைத் தருவது; பழைய வண்டிக்கு அந்த விலை இனி வராது. காப்பாற்ற வேண்டிய போனஸும் இப்போது பூஜ்யம்.

படி 6: தேர்ட் பார்ட்டிக்குப் போனால் திரும்பி வரும் வழி

இந்த வருடம் தேர்ட் பார்ட்டி, அடுத்த வருடம் ஃபுல் என்று மாறலாம். ஆனால் அப்போது வண்டியைப் பரிசோதிப்பார்கள். போனஸ் சேர்ந்திருந்தால் ஓன் டேமேஜ் பாலிசி முடிந்து 90 நாள் தாண்டியதும் அதுவும் போய்விடும். பெயர் மாற்றுவதற்குள் பழைய பாலிசி முடிந்துபோனதால் மச்சான் வண்டிக்கும் பரிசோதனை நடந்தது. ஆப் வழியாகச் சுற்றிலும் வீடியோ எடுத்து அனுப்பினான். இடது பின் கதவில் இருந்த பழைய நசுங்கலை அவர்கள் குறித்துக்கொண்டார்கள். அந்தக் கதவுக்கு இனி கிளெய்ம் போட்டால் அந்த நசுங்கலைக் கழித்துத்தான் பணம். அதனால் வீடியோ எடுக்கும் முன் வண்டியைக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் நிறுத்துங்கள். சேறு அப்பியிருந்த இடத்தையும் அவனுக்குக் கீறல் என்று எழுதிவிட்டார்கள், அதை மாற்றவே இரண்டு நாள் போன் போட வேண்டியிருந்தது.