செட்டிநாட்டுத் தோழியின் முகவரியைக் கேட்காமலே கடிதம் சேர்ப்பது எப்படி

தேவகோட்டைப் பள்ளியில் கூடப் படித்த மீனாட்சி, கல்யாணமாகிப் போனதும் தொடர்பு விட்டுப்போச்சு, இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. இதை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு தாளில் சொந்த ஊர், அப்பா பெயர், பெயரோடு சேரும் குடும்ப விலாச எழுத்துகள், நகரத்தார் குடும்பம் சேர்ந்திருக்கும் நகரக் கோயில் நான்கையும் எழுதுங்கள். நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார் வீடுகளில் தாத்தா, பாட்டி பெயர் பேரப்பிள்ளைகளுக்கு வருவதால் ஒரே ஊரில் மீனாட்சியும் அழகப்பனும் நிறையவே இருப்பார்கள். பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் யாரோ ஒருவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்பீர்கள். பெயருக்கு முன்னால் வரும் விலாச எழுத்துகள்தான் இன்ன வீடு என்று பிரித்துக் காட்டும். பழைய கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் அதிலேயே எல்லாம் இருக்கும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கோயில் கணக்கில் ஒரு குடும்பமாக எண்ணப்படும் புள்ளி, பெண்ணுக்குக் கல்யாணமானதும் கணவருடைய கோயிலில் சேர்ந்துவிடும். பிறந்த வீடு இளையாத்தங்குடிக் கோயில், கணவர் வீடு மாத்தூர்க் கோயில் என்றால், இளையாத்தங்குடியில் விசாரித்தால் அண்ணன் தம்பி குடும்பம்தான் தெரியவரும். பரவாயில்லை, நமக்கு அவர்களே போதும்.

அடுத்து ஊர் வீடு. பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும், ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார். அவரிடம் "ஆச்சி இப்ப எங்க இருக்காக, போன் நம்பர் குடுங்க" என்று ஆரம்பிக்காதீர்கள், யாரானாலும் சந்தேகப்படுவார்கள், படவும் வேண்டும். நீங்கள் யார், எந்தப் பள்ளியில் சேர்ந்து படித்தீர்கள் என்று சொல்லிவிட்டு, "ஒரு கடிதம் தர்றேன், அவுக அண்ணன்கிட்ட சேர்த்துடுவீங்களா?" என்று மட்டும் கேளுங்கள்.

கடிதத்தை இரண்டு உறையாகத் தயார் செய்யுங்கள். உள் உறையில் தோழியின் பெயரை மட்டும் எழுதி, தபால்தலை ஒட்டி, முகவரி இடத்தைக் காலியாக விட்டு, பின்பக்கம் உங்கள் முகவரி எழுதி ஒட்டிவிடுங்கள். அதை அண்ணன் பெயர் எழுதிய வெளி உறைக்குள் போட்டு, "முகவரி எழுதித் தபாலில் சேர்த்தால் போதும், எனக்குத் தெரிவிக்க வேண்டாம்" என்று ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கள். முகவரி அவர்கள் கையை விட்டு வெளியே வராது, கடிதமும் போய்விடும். உள்ளே வகுப்பு, ஆண்டு, உங்கள் போன் நம்பர், நாலு வரி விசாரிப்பு, அவ்வளவுதான். கடன், பழைய மனஸ்தாபம் எதுவும் வேண்டாம், வேறு யாராவது பிரித்துப் படித்துவிடலாம்.

கடைசியாகத் தெரிந்த முகவரி கையில் இருந்தால் அதற்கும் ஒரு கடிதம் போடலாம். வீடு மாறியவர் தன் தபாலைப் புது வீட்டுக்குத் திருப்பிவிடச் சொல்லித் தபால் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருந்தால், புது முகவரிக்கே போய்விடும். ஆள் அங்கே இல்லை என்ற குறிப்போடு உங்களிடமே திரும்பி வந்தால் அந்த வழி முடிந்தது. தபால்காரரிடம் புது முகவரி கேட்டு நச்சரிக்காதீர்கள்.

காசு கொடுத்தால் போன் நம்பர் விவரம், ஆதார் விவரம் எடுத்துத் தருகிறேன் என்று வருபவர் பக்கமே போகாதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று அண்ணனிடம் ஒருமுறை கேட்கலாம். சேர்ந்தது என்று சொல்லி, பிறகும் பதில் இல்லையென்றால், தோழிக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு அதோடு விட்டுவிடுங்கள்.