மறுநாள் காலை 142 என்று காட்டியதா? பொறுங்கள்

பாகற்காய்ச் சாறு குடிக்கத் தொடங்கிய நண்பர் ஒருவர், சென்ற வாரம் தன் குறிப்பேட்டை என்னிடம் நீட்டினார். அதில் இரத்தச் சர்க்கரையின் இரண்டே எண்கள்: சாறுக்கு முன் 190, சாறுக்குப் பின் 150. இப்படி இரண்டே எண்களை நம்பித்தான் நானும் ஒரு காலத்தில் ஏமாந்தேன். சர்க்கரைக்கு வீட்டு மருந்து எடுப்பவர்கள் செய்யும் தவறுகள் இவை.

மோசமான நாளில் தொடங்குவது

அப்போது என் வெறும் வயிற்றுச் சர்க்கரை பெரும்பாலும் 130க்கும் 165க்கும் இடையில் இருக்கும். ஒருநாள் காலை 186 வந்தது. முந்தைய இரவு நேரம் கடந்து சாப்பிட்டிருந்தேன், தூக்கமும் இல்லை. பயந்துபோய் அன்றே பாகற்காய்ச் சாறு குடித்தேன். மறுநாள் காலை 142. பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். இரண்டு வாரத்தில், யாரையும் கேட்காமல் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தேன். மூன்று மாதம் கழித்து எடுத்த, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, 7.1இலிருந்து 8.4ஆக ஏறியிருந்தது. அந்த மூன்று மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

நடந்தது இதுதான். 186 என்பது என் வழக்கத்தைவிட மிக அதிகமான ஓர் எண். அடுத்த நாள் எதுவுமே குடிக்காமல் இருந்திருந்தாலும், அது 130க்கும் 165க்கும் இடையில் திரும்பியிருக்கவே வாய்ப்பு அதிகம். மருந்தைத் தேடி ஓடுவது எப்போதும் மோசமான நாளில்தான். அதனால் எந்தச் சாறும், எந்தப் பொடியும் முதல் நாளே பலன் தந்ததுபோல் தோன்றும். இதைப் புரிந்துகொள்ளாதவரை எத்தனை முறை விரலில் குத்தினாலும் பயன் இல்லை.

இதோடு கருவியின் பிழையும் சேர்கிறது. தரமான குளுக்கோமீட்டருக்கே 15 சதவீத விலகல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. இரத்தத்தில் உண்மையில் 150 இருந்தால், கருவி 128 காட்டலாம், 172ம் காட்டலாம். பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் எண் இன்னும் மேலே போகும்.

பிறகு நான் சரியாகச் சோதித்தேன். முதல் 14 நாட்கள் சாறு இல்லை. அடுத்த 14 நாட்கள் தினமும் சாறு. மாத்திரை, இரவு உணவின் அளவு, நடை, விரலில் குத்தி அளக்கும் நேரம் எதையும் மாற்றவில்லை. சாறு இல்லாத நாட்களில் எண்கள் 128 முதல் 171 வரை, சராசரி 148. சாறு குடித்த நாட்களில் 125 முதல் 168 வரை, சராசரி 145. சாறே இல்லாமல் நாளுக்கு நாள் நாற்பதுக்கும் மேல் ஏறி இறங்கும் உடம்பில், சராசரியில் மூன்று குறைந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. என் உடம்பில் அந்த அளவு சாறு ஒன்றும் செய்யவில்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

வெந்தயத்தைத் தவறான நேரத்தில் அளப்பது

வெந்தயத்தில் கரையும் நார்ச்சத்து நிறைய உண்டு. அது குடலில் கூழாகி, மாவுச்சத்து இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே அதன் வேலை தெரிய வேண்டிய இடம், உண்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிந்தைய எண். காலையில் வெறும் வயிற்றில் மட்டும் அளந்துவிட்டு "பலிக்கவில்லை" என்று சொல்பவர்கள் பலர். ஒரே காலை உணவை, ஒரே அளவில், ஒருநாள் வெந்தயத்தோடும் மறுநாள் இல்லாமலும் சாப்பிட்டு, பத்துப் பன்னிரண்டு நாட்கள் மாற்றி மாற்றி அளந்து பாருங்கள். மாத்திரை உடலில் சேர்வதையும் அந்த நார் தாமதப்படுத்தக்கூடும். இரண்டுக்கும் இடையே இடைவெளி எவ்வளவு வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரே வாரத்தில் பல மாற்றங்கள்

பட்டைத்தூளோடு நடையும் தொடங்கினால், எண் குறைந்த பெருமை நடைக்கே சேரக்கூடும்.

பட்டையைக் கரண்டி கணக்கில் தின்பது

மலிவாகக் கிடைக்கும் கேசியா வகையில் கூமரின் என்ற பொருள் அதிகம். நாள்தோறும் மிகுதியாகத் தின்றால் கல்லீரலைக் கெடுக்கக்கூடும்.

பெயர் தெரியாத "மூலிகை" மாத்திரை

இரண்டே நாளில் எண் சரிந்தால் மகிழாதீர்கள். சர்க்கரை மாத்திரையையே கலந்து விற்ற மூலிகைத் தயாரிப்புகள் பிடிபட்டிருக்கின்றன.

மாத்திரையோடு சாறு

கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவருக்குத் தெரியாமல் பாகற்காய்ச் சாறு குடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடலாம். நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி தெரிந்தால் உடனே அளக்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரையை நீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் 70ஐத் தாண்டவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. மயக்கம் வந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நண்பரின் குறிப்பேட்டில் அந்த இரண்டு எண்களுக்குக் கீழே 28 வரிசைகள் கோடு போட்டுக் கொடுத்தேன். முதல் 14 நாட்களுக்குச் சாறு கிடையாது. மாத்திரையில் கை வைக்கக் கூடாது என்று முதல் வரிசைக்கு மேலேயே எழுதியிருக்கிறேன்.