ஒரு பக்கத்தில் எலும்பியல் பரிசோதனைகள்: என் அனுபவம்

வெள்ளவத்தையில் என்னோடு தங்கிப் படிக்கும் தங்கச்சியின் கொப்பியிலிருந்து, ஆட்களின் பெயர் கொண்ட எலும்பியல் பரிசோதனைகளை ஒரே தாளில் சுருக்கினேன். பல நாள் போயிற்று. அகர வரிசையில் எழுதியபோது ஆப்ளி என்ற பெயரில் தோள்மூட்டும் முழங்காலும் கலந்தன. மூட்டுவாரியாகப் பிரித்தேன். அது சரி, ஆனால் இடுப்பு மூட்டுப் பகுதியை வாசித்தால் எந்தக் கால் பழுது என்று இன்னும் குழம்பியது. விளக்கம் சேர்த்தால் தாள் நிரம்பிவிட்டது.

கடைசியில் விளக்கங்களை வெட்டி, 'பழுதான பக்கம்' என்று ஒரு நிரல் போட்டேன். அதோடு தீர்ந்தது, பெரிய நிம்மதி.

தோமஸ் பரிசோதனையில், மல்லாந்து படுத்தவரின் நல்ல காலை வயிற்றோடு மடக்குகிறோம். இடுப்பு முதுகின் வளைவு படுக்கையில் தட்டையாகும். அப்போது தானாக மேலெழும் மற்றத் தொடையே பழுதான பக்கம். மடக்கும் காலைப் பார்க்கிறவர்கள் இங்கேதான் தவறுவார்கள்.

ட்ரெண்டலன்பேர்க்கும் அப்படித்தான். வலது காலில் நிற்கும்போது இடுப்பெலும்பு இடப்பக்கம் சரிந்தால், பலவீனம் வலப்பக்கத் தசையில்.

அப்புறம் ஆப்ளியைத் தோளுக்குக் கீழ் 'முதுகைச் சொறிதல்', முழங்காலுக்குக் கீழ் 'குப்புறப் படுத்து அரைத்தல்' என்று எழுதினேன். தாளில் இடமும் மிஞ்சியது.