ஏறிய உதவித்தொகை திரும்பிப் போனபோது

காலையில் அரசு உதவித்தொகை 18,000 ரூபாய் ஏறியதாக மெசேஜ், சாயங்காலம் அதே தொகை கழிந்ததாக இன்னொன்று. கவுன்டரில் கேட்டால் "சிஸ்டம் எடுத்துக்கொண்டது" என்றார்கள். பாஸ்புக்கைப் புரட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. பள்ளியில் படிக்கும்போது முழு ஆவணம் கொடுக்காமல் திறந்த 'சிறு கணக்கு' அது, இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. என் கணக்கில் ஏற்கெனவே 34,200 இருந்தது.

சண்டை போடாமல் மேலாளருக்குக் கடிதம் எழுதினேன். கணக்கு எண், இரண்டு பதிவுகளின் தேதி, பணம் வந்த பரிமாற்றத்தை அடையாளம் காட்டும் யுடிஆர் எண் எல்லாம் முதல் பத்தியிலேயே. அப்புறம் முக்கியமான வரி:

"ஐயா, சிறு கணக்கின் இருப்பு வரம்பை அரசு மானியம், நலத்திட்டப் பணம் வரும்போது கணக்கில் கொள்ளக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதி. எந்தக் காரணத்தால் தொகை திருப்பப்பட்டது, இப்போது எங்கே இருக்கிறது என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். இத்துடன் ஆதார், பான் நகல்களை இணைத்துள்ளேன். கணக்கைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றித் தரவும்."

தனியார் அறக்கட்டளைப் பணமாக இருந்திருந்தால் இந்த வாதம் செல்லாது. நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன் (கேட்டால்தான் போடுகிறார்கள்).

மூன்றாம் நாள் கணக்கு மாறியது. பணம் துறைக்கே திரும்பியிருந்ததால் வங்கியால் போட முடியவில்லை, அவர்கள் எழுதிக்கொடுத்த காரணத்தைக் கல்லூரி உதவித்தொகைப் பிரிவில் கொடுத்தேன், அடுத்த தவணைப் பட்டியலில் சேர்த்து அனுப்பினார்கள்.