தேர்க் கூட்டத்தில் எத்தனை பேர்? டேப்பும் மொட்டை மாடியும் வைத்து ஒரு கணக்கு

இரண்டு வருடம் முன்பு எங்கள் ஊர்த் தேரோட்டத்துக்கு நீர்மோர் பந்தல் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கமிட்டிப் பெரியவரிடம் கேட்டால், "தம்பி, எள் போட்டா எள் விழாது, இருபத்தஞ்சாயிரம் பேராவது வருவாங்க" என்றார். நான் கொஞ்சம் விவரமானவன் என்ற நினைப்பில் கணக்குப் போட்டுப் பன்னிரண்டாயிரம் பேப்பர் கப் வாங்கினேன். சாயங்காலம் பாதிக்கு மேல் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. என் கணக்கு எங்கே பிசகியது என்று தேடியபோது பிடிபட்ட வழி இது.

சூத்திரம் ஒரு வரிதான்:

```
ஆட்கள் = பரப்பு (ச.மீ.) × ஒரு ச.மீட்டரில் நிற்பவர்கள்
```

இதைப் பிரபலப்படுத்தியவர் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் சொல்லிக்கொடுத்தவர். 1960களில் வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் கூடிய திடல் அவர் அறை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. தரையில் கட்டம் கட்டமாகக் கோடு ஓடியதால், சில கட்டங்களில் தலைகளை எண்ணி, மொத்தக் கட்டங்களால் பெருக்கினார். நம் வீதியில் கட்டம் கிடையாது, நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

1. பரப்பை அளப்பது

கம்ப்யூட்டரில் கூகுள் மேப்பைத் திறந்து, சாட்டிலைட் படத்தில் ரைட் கிளிக் செய்து `Measure distance` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இடத்தைச் சுற்றிப் புள்ளி வைத்துக்கொண்டே வந்து முதல் புள்ளியில் முடித்தால் `Total area` என்று பரப்பு வரும். போனில் முயலாதீர்கள், கம்ப்யூட்டரில் செய்வதுதான் வசதி.

நான் முதலில் சறுக்கியது இங்கேதான். மேப்பில் எங்கள் வீதி அகலம் 12 மீட்டர் என்று காட்டியது. அது சுவருக்குச் சுவர். கூட்டம் நிற்பது சுவரை ஒட்டி அல்ல. ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் வளையல் கடை, பொரி கடை, ஓரம் கட்டிய பைக்குகள். முப்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு முந்தின நாள் சாயங்காலம், கடை போட்ட பிறகு போய் அளந்தேன். ஆள் நிற்கக்கூடிய அகலம் 9 மீட்டர்தான். கால்வாசி வீதி அப்படியே காணாமல் போனது. அதனால் நீளத்துக்கு மேப், அகலத்துக்கு டேப் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேப்பில் தாழ்வாரமும் மரமும் வீதி ஓரத்தை மறைப்பதால் அகலம் சரியாகத் தெரியாது.

2. உச்சவரம்பு போட்டுப் பார்ப்பது

நெருக்கம் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். எங்கள் ஊரில் கூட்டம் நிற்கும் இடம் எல்லாம் சேர்த்து 2,300 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 5 பேர் என்று அடைத்தால்கூட 11,500தான். அதற்கு மேல் போனால் உடலோடு உடல் அழுந்தி, யாரும் தன் இஷ்டத்துக்கு நகர முடியாது, ஒருவர் சாய்ந்தால் வரிசையே சாயும், உயிருக்கே ஆபத்து. ஆக, இருபத்தைந்தாயிரம் பேர் அந்த வீதியில் ஒரே நேரத்தில் நின்றிருக்கவே முடியாது. பெரியவர் பொய் சொல்லவில்லை. தேருக்கு முன்னால் தரையில் நின்று பார்த்தவருக்கு அப்படித்தான் தெரியும்.

3. நெருக்கத்தைக் கண்ணுக்குப் பழக்குவது

பெரும்பாலான கணக்கு கவிழ்வது இந்த இடத்தில்தான். மொட்டை மாடியில் சாக்பீஸால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போட்டு, வீட்டில் இருப்பவர்களை உள்ளே நிற்கச் சொல்லுங்கள். நாங்கள் சித்தப்பா பிள்ளைகளை வைத்துச் செய்தோம். இரண்டு பேர் நின்றால் தாராளம், நடுவில் புகுந்து போகலாம். மூன்று பேர் என்றால் "கொஞ்சம் தள்ளுங்க" என்று கேட்டுத்தான் போக வேண்டும். நான்காவது ஆள் வந்ததும் தோள் உரசியது. ஐந்தாவதாக என் தம்பி நுழைந்தபோது சித்தி கோட்டுக்கு வெளியே போய்விட்டார்.

நாம் "எள் விழாது" என்று சொல்லும் கூட்டம் பெரும்பாலும் அந்த மூன்று பேர் கூட்டம்தான். கண் மட்டத்தில் பார்த்தால் முன்னால் நிற்பவர் தலை பின்னால் இருக்கும் காலி இடத்தை மறைத்துவிடும். நான் வீதி முழுக்க நான்கு என்று போட்டது இதனால்தான்.

ஜேக்கப்ஸின் அளவும் கிட்டத்தட்ட இதேதான். தளர்வான கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் 4.5, நெரிசலில் 2.5. ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 10.76 சதுர அடி. எனவே சதுர மீட்டருக்கு முறையே சுமார் 1, 2.4, 4.3 பேர். அடியையும் மீட்டரையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள்.

4. பகுதி பிரித்துப் பெருக்குவது

உயரமான மாடியிலிருந்து போட்டோ எடுங்கள். ட்ரோன் வேண்டாம், அனுமதி வாங்குவதற்குள் திருவிழா முடிந்துவிடும். படத்தில் அளவு தெரிந்த ஒரு துண்டைப் பிடித்துத் தலைகளை எண்ணுங்கள். நான் எடுத்தது இரண்டு கரண்ட் கம்பங்களுக்கு நடுவில் 5 மீட்டர் நீளத்துக்கு 9 மீட்டர் அகலம், அதாவது 45 சதுர மீட்டர். எண்ணினால் 92 தலை. சதுர மீட்டருக்கு இரண்டு. நின்று பார்த்தபோது எனக்கு நான்கு மாதிரி தெரிந்த இடம் அது!

எல்லா இடத்துக்கும் ஒரே நெருக்கம் போடக் கூடாது. நான் மூன்றாகப் பிரித்தேன். தேருக்கு முன்னால் வடம் பிடிக்கும் இடம் 360 சதுர மீட்டர், 3 முதல் 4 பேர் வீதம் 1,080 முதல் 1,440 பேர். மீதி வீதி 990 சதுர மீட்டர், ஒன்றரை முதல் இரண்டரை வீதம் 1,485 முதல் 2,475. கோயில் முன் திடல், தேர் நிற்கும் இடமும் மண்டபமும் போக 950 சதுர மீட்டர், 1 முதல் 2 வீதம் 950 முதல் 1,900.

கூட்டினால் 3,515 முதல் 5,815. வெளியில் சொல்லும்போது "மூவாயிரத்து ஐநூறிலிருந்து ஐயாயிரத்து எண்ணூறுக்குள்" என்று சொல்லுங்கள். "4,665 பேர்" என்று நடு எண்ணைச் சொன்னால் தலை எண்ணியது போல ஒரு பொய்த் துல்லியம் வந்துவிடும். மிஞ்சிய கப்பை வைத்து இதைச் சரிபார்க்கவும் முடியாது. மோரை இரண்டு தடவை வாங்கிக் குடித்தவரும் உண்டு, பந்தல் பக்கமே வராதவரும் உண்டு.

பின்சேர்க்கை: "காலையிலிருந்து வந்துபோனவர்கள் இதில் எங்கே?" என்று ஒருவர் கருத்தில் கேட்டிருந்தார். இதில் வர மாட்டார்கள். இது போட்டோ எடுத்த அந்த நேரத்துக் கூட்டம் மட்டுமே. வந்துபோனவர்கள் வேண்டுமென்றால் வீதி முனையில் ஒரு கோட்டை மனதில் வைத்து, அதைத் தாண்டி உள்ளே வருபவர்களை மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் எண்ணி, பன்னிரண்டால் பெருக்கி, மணிவாரியாகக் கூட்ட வேண்டும். உள்ளே வர வேறு பாதைகளும் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் நின்று எண்ண வேண்டும். கப் வாங்க உண்மையில் அந்த எண்தான் தேவை.

இன்னொன்று: உச்சி வெயிலில் எடுத்த படத்தை நம்பாதீர்கள். கூட்டம் முழுக்க நிழல் விழும் பக்கமாக ஒதுங்கி நிற்கும். அந்தப் பக்கத்தை மட்டும் எண்ணி வீதி முழுக்கப் பெருக்கினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். போன வருடம் நானே அப்படி ஒருமுறை எண்ணிவிட்டு, நாலு மணிக்கு மறுபடி மாடி ஏறினேன்.